குட்டி யானை: சொந்தமா, வாடகையா? வடசென்னை வியாபாரிக்கு ஒரு வருடக் கணக்கு

'மாசம் 27 ஆயிரம் வண்டி வாடகைக்கே போகுது. அதுக்கு டியூ கட்டினா வண்டியே நம்மளுது ஆயிடுமே?' ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சின்னதாகத் தொழில் செய்கிற பலருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும். ஷோரூமில் சொல்கிற மாதத் தவணை 11 ஆயிரம் சொச்சம். வாடகை 27 ஆயிரம். பார்த்தால் முடிவு சுலபம் போலத்தான் தெரியும்.

ஆனால் இந்த ஒப்பீடே தவறு. தவணை என்பது வண்டியின் விலை மட்டும்தான். வாடகை என்பது வண்டி, டிரைவர், டீசல், டயர், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்ந்த தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அரிசி விலையையும் ஓட்டல் சாப்பாட்டு விலையையும் ஒப்பிடுவது மாதிரி.

2005-ல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது தமிழ்நாட்டு ரோடுகள் அதற்கு வைத்த பெயர் 'குட்டி யானை'. இன்று அந்த அளவில் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் நம்மூரில் அது குட்டி யானைதான். பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ என்னவோ, கணக்கும் அப்படியே பொருந்துகிறது. யானையை வாங்குவதைவிட, கட்டித் தீனி போடுவதுதான் பெரிய செலவு.

நின்றாலும் ஆகும் செலவு, ஓடினால் ஆகும் செலவு

சொந்த வண்டிக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று, வண்டி வாசலில் சும்மா நின்றாலும் ஆகிற செலவு. இன்னொன்று, ஓடினால் மட்டும் ஆகிற செலவு. வாடகை வண்டியில் முதல் வகையே கிடையாது. கூப்பிட்ட அன்றைக்கு மட்டும் காசு. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். திருவொற்றியூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறை. சரக்கு ராயபுரம், மண்ணடி கடைகளுக்கும் எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. ஒரு ட்ரிப் என்றால் போக வர, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் இறக்கி, மொத்தம் 30 கிலோமீட்டர். வருடத்துக்கு 300 வேலை நாள். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் வாங்கிய கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் போதும், முறை மாறாது.

வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆகிற விலை 6,50,000 ரூபாய். 5 வருடம் ஓட்டி விற்றால் 2,50,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பில் கரைவது 4 லட்சம், அதாவது வருடத்துக்கு 80,000. விலையில் 80 சதவீதம், 5,20,000 ரூபாய், 11 சதவீத வட்டியில் 5 வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 11,300. இதில் அசலைத் தனியாகச் செலவில் எழுதக் கூடாது. வண்டி தேய்மானமாக அது ஏற்கெனவே வந்துவிட்டது. வட்டியை மட்டும் எடுத்தால் வருடத்துக்குச் சராசரியாக 32,000. கையிலிருந்து போட்ட 1,30,000 ரூபாய் பேங்கில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி ஒரு 9,000. இதையும் சேர்க்க வேண்டும், கைக்காசும் இலவசம் இல்லை.

மீதி வரிசை இப்படி:

| நின்றாலும் ஆகும் செலவு | வருடத்துக்கு (ரூ.) |
|---|---|
| மதிப்புக் குறைவு | 80,000 |
| வட்டி (கடன் + கைக்காசு) | 41,000 |
| இன்சூரன்ஸ் | 30,000 |
| வரி, எஃப்சி | 6,000 |
| டிரைவர் சம்பளம் (மாதம் 18,000) + ஒரு மாத போனஸ் | 2,34,000 |
| வண்டி நிறுத்தும் இடம் | 18,000 |
| மொத்தம் | 4,09,000 |

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது முதல் வரி இல்லை, ஐந்தாவது வரி. நாலு லட்சத்தில் பாதிக்கு மேல் டிரைவர் சம்பளம். 'வண்டி வாங்கப் போறேன்' என்று ஒருவர் சொல்லும்போது, உண்மையில் அவர் ஒரு ஆளை வேலைக்கு எடுக்கப் போகிறார். வண்டி அந்த ஆளோடு வருகிற சாமான்.

எத்தனை ட்ரிப்பில் கட்டும்?

இனி ஓடினால் ஆகும் செலவு. டிராஃபிக்கில், லோடோடு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 30 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய்க்குப் பார்த்தால் சுமார் 185. டயர், ஆயில், சர்வீஸுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஒதுக்கினால் 90. பார்க்கிங், டீ, சில்லறை 75. ஆக ஒரு ட்ரிப்புக்கு 350 ரூபாய். கம்பெனி விளம்பரத்தில் சொல்கிற மைலேஜை இங்கே போடக் கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்த மைலேஜ் வராது.

அதே ட்ரிப்புக்கு வாடகை வண்டி, காத்திருப்புக் காசு சேர்த்து, 1,100 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டி ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் 750 ரூபாய் மிச்சம். அந்த 750-களைச் சேர்த்துத்தான் 4,09,000 ரூபாயை அடைக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 545 ட்ரிப். 300 வேலை நாளில் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு.

இந்த 545-தான் முக்கியமான எண். அதற்குக் கீழே ஓடினால் வாடகை மலிவு, மேலே ஓடினால் சொந்த வண்டி மலிவு.

நாளுக்கு ஒரு ட்ரிப், அதாவது வருடத்துக்கு 300 என்றால் வாடகை 3,30,000. முதலில் சொன்ன 'மாசம் 27 ஆயிரம்' இதுதான். சொந்த வண்டி என்றால் 5,14,000. வாடகையை மிச்சம் பிடிக்க வண்டி வாங்கியவர் வருடத்துக்கு 1,84,000 ரூபாய் கூடுதலாகச் செலவு செய்வார். நாளுக்கு இரண்டு என்றால் வாடகை 6,60,000, சொந்தம் 6,19,000. மிச்சம் 41,000 மட்டும். ஒரு கிளட்ச் வேலை, ஒரு செட் டயர் முன்கூட்டி வந்தால் அதில் பெரும்பகுதி காணாமல் போகும். நாளுக்கு மூன்று என்றால் 9,90,000-க்கு எதிராக 7,24,000. மிச்சம் 2,66,000. இங்கேதான் சொந்த வண்டி நிஜமாகவே பேசுகிறது.

மூன்று ட்ரிப் அடிக்க முடியுமா?

காகிதத்தில் மூன்று எழுதிவிடலாம், ரோடு விடுமா என்பதுதான் கேள்வி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அதே ரோட்டில் போகும் குட்டி யானையும் நிற்கும். பெரிய தொழிற்சாலை கேட்டில் என்ட்ரி போட்டு, ஆள் வந்து சரக்கை எண்ணி இறக்கும் வரை வண்டி வெளியே வர முடியாது. லோடு ஏற்ற முக்கால் மணி, போக வர இரண்டு மணி, இறக்கக் காத்திருக்க ஒரு மணி என்று போனால் ஒரு ட்ரிப் நாலு மணி நேரத்தைத் தின்றுவிடும். அந்த வண்டி நாளுக்கு இரண்டைத் தாண்டாது.

இன்னொரு சிக்கல் பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. ஆர்டர்கள் வரிசையில் வருவதில்லை, ஒரே நேரத்தில் வருகின்றன. காலை 10 மணிக்கு மண்ணடிக்கும் சரக்கு வேண்டும், எண்ணூருக்கும் வேண்டும். சொந்த வண்டி ஒன்றுக்குப் போகும், இன்னொன்றுக்கு மறுபடியும் ஸ்டாண்டில் இருந்து வாடகை வண்டிதான். டிரைவர் ஊருக்குப் போன நாள், வண்டி மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் நாள் எல்லாம் இதில் சேரும்.

900 ட்ரிப்பில் 200 இப்படி வெளி வண்டிக்குப் போனால் கணக்கு என்ன ஆகும்? சொந்த வண்டியின் நிலையான செலவு 4,09,000. அது ஓட்டும் 700 ட்ரிப்புக்கு 2,45,000. வெளி வண்டிக்கு 2,20,000. மொத்தம் 8,74,000. மிச்சம் 2,66,000-லிருந்து 1,16,000-ஆக இறங்கிவிட்டது. சொந்த வண்டி வந்தால் வாடகைச் செலவு பூஜ்யம் ஆகிவிடும் என்று போடுகிற கணக்கு அநேகமாகத் தவறாகத்தான் முடியும்.

61 நாள் கேள்வி

காசிமேட்டை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கறாராக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் ஏற்றும் வண்டிக்கும் ஐஸ் ஏற்றும் வண்டிக்கும் லோடு சுருங்கிவிடும். வாடகைக்கு எடுப்பவருக்கு அந்த நாட்களில் செலவும் சுருங்கும். சொந்த வண்டிக்காரருக்கு வட்டி, இன்சூரன்ஸ், சம்பளம் எதுவும் சுருங்காது. மேலே போட்ட 4,09,000-ஐ நாளாகப் பிரித்தால் 61 நாளுக்குச் சுமார் 68,000 ரூபாய். நிற்கிற வண்டிக்கு வைக்கிற தீனி இது. இந்தத் தொகையை மீதிப் பத்து மாத ட்ரிப்புகள்தான் தூக்க வேண்டும்.

மீன் வண்டிக்கு இன்னொரு தனிச் செலவும் உண்டு. பெட்டியிலிருந்து வடியும் உப்பும் ஐஸ் தண்ணியும் பாடியின் தரையை அரிக்கும். கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்து 2,50,000 கிடைக்கும் என்ற கணக்கை அட்டைப்பெட்டி ஏற்றிய வண்டிக்குப் போடலாம். மீன் ஏற்றிய வண்டிக்குக் குறைத்துத்தான் போட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால்?

'புதுசு வேணாம், பழைய வண்டி எடுத்துக்கலாம்' என்பது அடுத்த யோசனை. பழைய வண்டியில் மதிப்புக் குறைவும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு 65,000 குறையும் என்று வைத்துக்கொள்வோம். அதே சமயம் ரிப்பேர் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் கூடும். அப்போது 545 என்ற எண் 488-க்குத்தான் இறங்கும். எதிர்பார்த்த அளவு இறங்காததற்குக் காரணம் அதே ஐந்தாவது வரி. வண்டி பழசானாலும் டிரைவர் சம்பளம் பழசாவதில்லை.

பழைய வண்டி பார்க்கும்போது பெயிண்டைப் பார்ப்பதைவிடக் கீழே குனிந்து சேசிஸையும், பாடித் தரையின் ஓரங்களையும் தட்டிப் பார்ப்பது நல்லது. புது பெயிண்டுக்கு அடியில் துரு மறையும், சத்தம் மறையாது. எஃப்சி விஷயமும் உண்டு. சரக்கு வண்டிக்கு 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று எடுத்தால் போதும். அதற்கு மேல் வருடா வருடம். ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பெயிண்ட், பிரேக் வேலை என்று வண்டி சில நாள் நிற்கும்.

ஓனரே ஓட்டினால்?

டிரைவர் சம்பளம்தான் பாரம் என்றால் ஓனரே ஸ்டியரிங் பிடிக்கலாமே? பிடிக்கலாம். 3,000 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கார் லைசென்ஸே போதும்.

கணக்கில் 2,34,000 கழிந்து நிலையான செலவு 1,75,000 ஆகிறது. 233 ட்ரிப் ஓடினாலே கட்டிவிடும். நாளுக்கு ஒரு ட்ரிப் அடிப்பவருக்கும் வருடத்தில் 50,000 மிச்சம். ஆனால் அதை 300 நாளில் பிரித்தால் நாளுக்கு 167 ரூபாய். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, கேட்டில் காத்திருந்து கிடைக்கிற கூலி அது. அந்த நேரத்தில் பட்டறையில் நின்றால், புது ஆர்டர் பேசப் போனால், அதைவிட அதிகம் வருமா என்று ஓனர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த, வேறு வேலை இல்லாத ஒருவர் இருந்தால் கதை வேறு.

கணக்கில் விட்டுப்போகும் மூன்று விஷயம்

முதலாவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கார் போலில்லாமல், சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை முறையான பதிவு உள்ள வியாபாரி உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது கிடைக்காது. உதாரணக் கணக்கில் இது சுமார் 85,000 ரூபாய், வருடத்துக்கு 17,000. எண் 545-லிருந்து 523-க்கு இறங்கும். நல்ல சேமிப்புதான், ஆனால் ஒரு ட்ரிப் ஓடும் பட்டறையை வண்டி வாங்க வைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. விற்கும்போது வரி வரலாம் என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இன்சூரன்ஸ். இந்த அளவு சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 2022 ஜூனில் 16,049 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. செலவைக் குறைக்க அதை மட்டும் போட்டு விடுபவர்கள் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் மாதிரி ஒன்று வந்து வண்டி மூழ்கினால், மூன்றாம் நபர் பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து இன்ஜின் போனால் கிளைம் சிக்கலாகும். ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துப்போவதுதான் முறை.

மூன்றாவது எடை. டாடா ஏஸ் வகை வண்டிகள் பலவற்றின் அனுமதிக்கப்பட்ட சுமை முக்கால் டன் சுற்று வட்டாரம்தான். அட்டைப்பெட்டிக்கு இது பிரச்சினை இல்லை, எடைக்கு முன்னால் இடம் நிரம்பிவிடும். சாத்தாங்காடு பக்கத்திலிருந்து இரும்பு ஏற்றுபவருக்குப் பிரச்சினை. 'ஒரே ட்ரிப்பில் ஒண்ணரை டன் போட்டுடலாம்' என்று கணக்குப் போட்டால் ட்ரிப் எண்ணிக்கையே தப்பாகிவிடும். அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒருமுறை பிடிபட்டால் 27 ட்ரிப்பின் மிச்சம் போய்விடும்.

வாங்கும் முன் ஒரு நோட்டு

இவ்வளவு கணக்கிலும் விலை, வட்டி, டீசல் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒரே எண், தன் தொழிலில் வருடத்துக்கு எத்தனை ட்ரிப் என்பது. பலரும் இதை நினைவிலிருந்து சொல்கிறார்கள். நினைவில் நிற்பது தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரே நாளில் அஞ்சு வண்டி அனுப்பிய அந்த வாரம்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று மாதம், ஒவ்வொரு வாடகை ட்ரிப்புக்கும் ஒரு வரி: தேதி, வண்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எங்கே, லோடு பாதியா முழுசா, கொடுத்த காசு. மூன்று மாதத்தில் ஒரு மந்தமான மாதமாவது இருப்பது நல்லது. முடிவில் மூன்றைப் பார்க்க வேண்டும். மொத்த ட்ரிப்பை நாலால் பெருக்கினால் வருட எண் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வண்டி வெளியே இருந்த ட்ரிப்புகளை அதிலிருந்து கழிக்க வேண்டும், சொந்த வண்டி வந்தாலும் அவை வெளி வண்டிக்குத்தான் போகும். பாதி லோடில் போனவற்றை எண்ண வேண்டும். அடுத்தடுத்த நாள் போன பாதி லோடுகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப முடிந்தால், வண்டி வாங்காமலே வாடகை குறையும்.

எண் 400-க்குக் கீழே இருந்தால் வாடகையே சரி. 400-க்கும் 600-க்கும் நடுவில் இருந்தால் ஸ்டாண்டில் பழகிய ஒரு ஓனர் கம் டிரைவரிடம் மாதக் காண்ட்ராக்ட் பேசிப் பார்க்கலாம். வண்டி நேரத்துக்கு வரும், ரிப்பேரும் இன்சூரன்ஸும் அவர் பாடு. 700-ஐத் தாண்டி, அது தீபாவளி மாதத்தில் மட்டுமில்லாமல் ஆடி மாதத்திலும் தாண்டினால், தைரியமாக ஷோரூமுக்குப் போகலாம்.

சொந்த வண்டிக்குக் கணக்கில் வராத மதிப்பும் உண்டு. பெயர் எழுதிய வண்டி ரோட்டில் போவது ஒரு விளம்பரம். ராத்திரி 9 மணிக்கு ஆர்டர் வந்தாலும் 'அனுப்பிடுறேன்' என்று சொல்ல முடிவது ஒரு பலம். அதற்கு விலை கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அது வருடத்துக்கு 1,84,000 ரூபாய் விலை என்று தெரிந்து கொடுப்பது வேறு, 'டியூ வெறும் 11 ஆயிரம்தானே' என்று நினைத்துக் கொடுப்பது வேறு.